குறைந்த விலைக்கு வாங்கிய கடன் பத்திரம்: அதன் உண்மை வருவாயைக் காணும் முறை

சங்கத்தின் நிதியில் ஒரு பகுதி சர்க்கார் கடன் பத்திரத்தில் இருக்கிறது. நூறு ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் 96 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் வட்டியோ ஆண்டுக்கு நூற்றுக்கு 5.22. இம்முதலீட்டில் சங்கத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று நிர்வாகக் குழுவில் வினவினால், மூன்று விடைகள் வரக்கூடும்.

“பத்திரத்தின் பெயரிலேயே 5.22 என்று எழுதியிருக்கிறதே, அதுதான்” என்பார் ஒருவர். “நாம் போட்ட பணம் 96தானே? ஆகவே 5.22-க்குச் சற்று மேல்” என்பார் மற்றொருவர். “வட்டி 5.22, விலையில் மிச்சம் 4, ஆக 9.22” என்று கூட்டிச் சொல்வார் மூன்றாமவர். முதல்வர் கூறியது பத்திரத்தின் வட்டி வீதம். இரண்டாமவர் கூறியது நடப்பு வருவாய் வீதம். மூன்றாமவர் தேடியது முதிர்வு வருவாய் வீதம். ஆனால் தேடிய வழி தவறு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் பத்திரத்தை விற்கவோ வைத்திருக்கவோ தீர்மானித்தால், அத்தீர்மானம் குருட்டுத் தீர்மானமாகவே முடியும். ஆகவே சங்கத்தின் வட்டி வரவுப் பதிவேட்டை வைத்துக்கொண்டே இக்கணக்கைச் செய்யும் முறையை இங்கு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டு

பாடத்துக்கு உண்மையான பத்திரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 15-ஆம் நாள் இந்திய சர்க்கார் வெளியிட்ட, 2025 ஜூன் 15-ல் முதிர்ந்த 5.22 சதவீதக் கடன் பத்திரம் அது. ஆண்டுதோறும் ஜூன் 15, டிசம்பர் 15 ஆகிய இரு நாட்களில் அதற்கு வட்டி உண்டு.

அப்பத்திரம் வெளியான காலத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி நூற்றுக்கு 4 ஆக இருந்தது. 2022 மே மாதம் முதல் அது உயரத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பர் 7-ல் 6.25 ஆயிற்று. புதுப் பத்திரங்கள் கூடுதல் வட்டி தரும்போது 5.22 தரும் பழைய பத்திரத்தை நூறு ரூபாய் கொடுத்து எவர் வாங்குவர்? பத்திரத்தின் வட்டியை மாற்ற இயலாது. ஆதலின் விலைதான் இறங்க வேண்டும். விலை குறைந்ததால் பத்திரம் கெட்டுவிட்டது என்பது பொருளன்று. வட்டியில் உள்ள குறையை விலை ஈடு செய்கிறது என்பதே பொருள்.

நமது நெசவாளர் சங்கம் ஒன்று 2022 டிசம்பர் 15-ல், அன்றைய வட்டி முன் உடைமையாளருக்குப் போய்ச் சேர்ந்தபின், ரூ.5,00,000 முகமதிப்புள்ள பத்திரத்தை நூற்றுக்கு ரூ.96 வீதம் வாங்கியதாகக் கொள்வோம். கொடுத்த தொகை ரூ.4,80,000. சங்கமும் விலையும் பாடத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை.

பதிவேடு கூறுவது யாது?

முற்காலத்தில் கடன் பத்திரத்தின் ஓரத்தில் சிறு சிறு வட்டிச் சீட்டுகள் அச்சிடப்பட்டிருக்கும். தவணை நாளன்று ஒரு சீட்டைக் கத்தரித்துக் கொடுத்து வட்டி பெறுவர். அச்சீட்டுக்குக் கூப்பன் என்று பெயர். இன்று சீட்டு இல்லை. வட்டி நேரே வங்கிக் கணக்கில் வரவாகிறது. எனினும் கூப்பன் என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சீட்டின் இடத்தில் இப்போது சங்கத்தின் வட்டி வரவுப் பதிவேடு இருக்கிறது.

நமது எடுத்துக்காட்டில் பதிவேடு இவ்வாறு அமையும்:

2023 ஜூன் தவணை: ரூ.13,050
2023 டிசம்பர் தவணை: ரூ.13,050
2024 ஜூன் தவணை: ரூ.13,050
2024 டிசம்பர் தவணை: ரூ.13,050
2025 ஜூன் தவணை: ரூ.13,050, அத்துடன் அசல் ரூ.5,00,000

இப்பதிவேட்டிலிருந்து முதலில் அறிய வேண்டியது ஆண்டு வட்டி. ஆண்டுக்கு இரு தவணை. ஆகவே 13,050-ஐ இரண்டால் பெருக்க ரூ.26,100. இதை முகமதிப்பாகிய 5,00,000-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 5.22 வருகிறது. பத்திரத்தின் பெயரில் உள்ள வீதமும் இதுவே. இரண்டும் பொருந்தினால் பதிவேட்டை நம்பி மேற்செல்லலாம்.

பொருந்தாவிடில் என் செய்வது? காரணம் பெரும்பாலும் சங்கத்தின் ஏட்டிலேயே இருக்கும். எழுத்தர் முகமதிப்பு என்னும் பத்தியில் வாங்கிய விலையாகிய 4,80,000-ஐ எழுதிவிட்டால், அரையாண்டு வட்டி 12,528 ஆக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குக் காட்டும், வரவோ 13,050. வட்டி எப்போதும் முகமதிப்பின்மேல் கணக்கிடப்படுவதேயன்றி, வாங்கிய விலையின்மேல் அன்று. இதற்கு மாறாக, ஒரு தவணையில் மட்டும் வரவு சற்றுக் குறைந்திருக்குமானால், வரியோ வங்கிக் கட்டணமோ பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பிடித்தம் போக வந்த தொகையை வட்டியெனக் கொண்டால் கணக்கு முழுவதும் தாழ்ந்துவிடும்.

வரவு நாளும் தவணை நாளும் சில வேளைகளில் வேறுபடும். 2024 டிசம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை. வட்டித் தவணை விடுமுறை நாளில் விழுந்தால், அடுத்த வேலை நாளில் வட்டி தருவது வழக்கம். 2025 ஜூன் 15-ம் ஞாயிறே. ஆனால் முதிர்வு நாள் விடுமுறையில் விழுந்தால், அசல் முந்தைய வேலை நாளிலேயே திருப்பித் தரப்படும். ஓரிரு நாள் வேறுபாட்டால் நமது கணக்கில் பெரும் பிழை நேராது. ஆகையால் தவணை நாட்களையே கொண்டு கணக்கிடுவோம்.

நடப்பு வருவாய் வீதம்

இது எளிது. ஓராண்டில் வரும் வட்டியை, பத்திரத்தின் விலையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

26,100-ஐ 4,80,000-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 5.44 வருகிறது. அதாவது சங்கம் போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆண்டுதோறும் கையில் வந்து சேரும் வட்டி ரூ.5.44. பெயரில் உள்ள 5.22-ஐ விட இது கூடுதல். ஏனெனில் நூறு ரூபாயின் வட்டியை 96 ரூபாய் போட்டே பெறுகிறோம்.

இவ்வீதத்தின் பயன் ஒன்றுண்டு. ஆண்டுச் செலவுக்குப் பத்திரத்திலிருந்து எவ்வளவு ரொக்கம் வரும் என்று வரவு செலவுத் திட்டம் போடும்போது இதுவே போதும். ஆனால் இதில் ஒரு பெருங்குறையும் உண்டு. ரூ.4,80,000-க்கு வாங்கிய பத்திரம் முதிரும்போது ரூ.5,00,000 தருகிறது. இடையிலுள்ள ரூ.20,000 நடப்பு வருவாய்க் கணக்கில் எங்கும் தலைகாட்டவில்லை. முதிர்வுக்கு ஓராண்டு இருந்தாலும் பத்தாண்டு இருந்தாலும், இவ்வீதம் ஒன்றேதான். காலத்தை நோக்காத கணக்கு இது.

முதிர்வு வருவாய் வீதத்தின் பொருள்

அந்த ரூ.20,000-ஐயும் காலத்தையும் சேர்த்து நோக்குவதே முதிர்வு வருவாய் வீதம். அதன் பொருளை நாம் நன்கறிந்த கடன் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

சங்கம் ஒருவருக்கு ரூ.4,80,000 கடன் கொடுத்ததாக எண்ணுங்கள். அவர் அரையாண்டுதோறும் ரூ.13,050 கட்டுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலுவையின்மேல் வட்டி ஏற்றி, அவர் கட்டியதைக் கழித்துவருகிறோம். ஏறும் வட்டியை விட அவர் கட்டுவது குறைவு. ஆகவே மிச்ச வட்டி அசலோடு சேர்கிறது. ஐந்தாம் தவணையில் நிலுவை சரியாக ரூ.5,00,000 ஆகி, அதையும் அவர் தீர்த்துவிடுகிறார். அப்படியானால் நாம் ஏற்றிய வட்டி வீதம் என்ன? அந்த வீதமே முதிர்வு வருவாய் வீதம்.

மூன்றாமவர் கூறிய 9.22 ஏன் தவறென்பது இப்போது விளங்கும். நூற்றுக்கு 4 ரூபாய் மிச்சம் ஆண்டுதோறும் வருவதன்று. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் கடைசி நாளில் வருவது. அதை ஓராண்டு வட்டியோடு கூட்டலாகாது.

முதல் மதிப்பீடு

இவ்வீதத்தை ஒரே வகுத்தலில் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு வீதத்தை ஊகித்து, அது பொருந்துகிறதா என்று சோதித்தே காண வேண்டும். ஊகம் குறிக்கு அருகில் அமைந்தால் உழைப்புக் குறையும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு.

மிச்சமாகிய ரூ.20,000-ஐ மீதமுள்ள ஆண்டுகளாகிய இரண்டரையால் வகுக்க, ஆண்டுக்கு ரூ.8,000. இதை ஆண்டு வட்டி 26,100-உடன் கூட்ட, ரூ.34,100. நமது முதலீடு 4,80,000-ல் தொடங்கி 5,00,000-ல் முடிகிறது. அதன் சராசரி 4,90,000. ஆகவே 34,100-ஐ 4,90,000-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 6.96 வருகிறது.

ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 7, அதாவது அரையாண்டுக்கு மூன்றரை என்பது நமது முதல் மதிப்பீடு. அவசரத்துக்கு இதுவே போதுமாயினும், இது மதிப்பீடு மட்டுமே. மீதமுள்ள காலம் நீண்டதாகவும் விலை மிகக் குறைந்ததாகவும் இருந்தால் இவ்வழியில் பிழை பெருகும். ஆகவே சோதித்துப் பார்ப்பது நன்று.

சோதனை

ஆறு மாதம் கழித்து வரும் ஒரு ரூபாய், இன்று ஒரு ரூபாய்க்குச் சமமாகாது. அரையாண்டு வீதம் நூற்றுக்கு மூன்றரையானால், இன்றைய 96.618 காசு ஆறு மாதத்தில் ஒரு ரூபாயாக வளரும். ஆகவே ஆறு மாதம் கழித்து வரும் ரூபாயின் இன்றைய மதிப்பு 0.96618. ஒன்றை 1.035-ஆல் வகுத்தால் இது கிடைக்கும். கிடைத்ததை மறுபடியும் 1.035-ஆல் வகுத்தால், ஓராண்டு கழித்து வரும் ரூபாயின் இன்றைய மதிப்பு வரும். இவ்வாறு ஐந்து தவணைக்கும் வகுத்துச் சென்றால் கிடைப்பன:

முதல் தவணை: 0.96618
இரண்டாம் தவணை: 0.93351
மூன்றாம் தவணை: 0.90194
நான்காம் தவணை: 0.87144
ஐந்தாம் தவணை: 0.84197

இவ்வைந்தின் கூட்டுத்தொகை 4.51504. ஒவ்வொரு தவணையிலும் வட்டி ஒரே தொகையாதலின், 13,050-ஐ இக்கூட்டுத்தொகையால் பெருக்கினால் எல்லா வட்டி வரவுகளின் இன்றைய மதிப்பும் ஒருங்கே வந்துவிடும், அது ரூ.58,921. அசல் ஐந்தாம் தவணையில் வருகிறது. ஆகவே 5,00,000-ஐ 0.84197-ஆல் பெருக்க, ரூ.4,20,985. இரண்டும் சேர்ந்து ரூ.4,79,906.

நாம் கொடுத்ததோ ரூ.4,80,000. சோதனையில் வந்த தொகை 94 ரூபாய் குறைவு. இதன் பொருள் யாது? வீதத்தை உயர்த்தினால் இன்றைய மதிப்பு குறையும்; தாழ்த்தினால் கூடும். நமக்குத் தொகை குறைந்து வந்திருப்பதால், ஊகித்த மூன்றரை சற்றே அதிகம் என்று அறிகிறோம்.

இப்போது தாழ்ந்த வீதம் ஒன்றைச் சோதிப்போம். அரையாண்டுக்கு 3.25 என்று கொண்டு, ஒன்றை 1.0325-ஆல் ஐந்து முறை வகுத்துச் சென்றால் கூட்டுத்தொகை 4.54720 ஆகவும், ஐந்தாம் தவணை மதிப்பு 0.85222 ஆகவும் வரும். வட்டிகளின் இன்றைய மதிப்பு ரூ.59,341, அசலின் இன்றைய மதிப்பு ரூ.4,26,110. மொத்தம் ரூ.4,85,451. இது நாம் கொடுத்ததை விட ரூ.5,451 கூடுதல்.

ஆக, 3.25 வீதத்தில் 5,451 கூடுகிறது, 3.50 வீதத்தில் 94 குறைகிறது. உண்மை வீதம் இவ்விரண்டுக்கும் இடையில், 3.50-ஐ ஒட்டி இருக்கிறது. எவ்வளவு ஒட்டி என்பதை விகிதக் கணக்கால் காணலாம். இரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம் 5,545. அதில் 5,451 பங்கு நாம் 3.25-லிருந்து மேலேற வேண்டும். 5,451-ஐ 5,545-ஆல் வகுத்து, இரு வீதங்களின் வேறுபாடாகிய 0.25-ஆல் பெருக்க, 0.2458 வருகிறது. இதை 3.25-உடன் கூட்ட, அரையாண்டு வீதம் 3.4958. இரண்டால் பெருக்க, ஆண்டுக்கு நூற்றுக்கு 6.99. இதுவே முதிர்வு வருவாய் வீதம்.

ஒரு குறி நினைவிலிருக்கட்டும். முகமதிப்பினும் குறைந்த விலைக்கு வாங்கிய பத்திரத்தில் வட்டி வீதம் மிகச் சிறிதாகவும், நடப்பு வருவாய் அதனினும் பெரிதாகவும், முதிர்வு வருவாய் எல்லாவற்றினும் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். இங்கு 5.22, 5.44, 6.99 என்று அவ்வரிசை சரியாக அமைந்திருக்கிறது. வரிசை மாறி வந்தால் எங்கோ பெருக்கலில் பிழை நேர்ந்துள்ளது என்று கொள்க.

கடன் கணக்காக எழுதிச் சரிபார்த்தல்

கண்ட விடை சரிதானா என்று முன்கூறிய கடன் கணக்கைப் போட்டே உறுதி செய்துகொள்ளலாம். நிலுவையின்மேல் அரையாண்டுக்கு 3.4958 வீதம் வட்டி ஏற்றி, வந்த 13,050-ஐக் கழிப்போம்.

முதல் அரையாண்டு: வட்டி 16,780, வரவு 13,050, நிலுவை 4,83,730
இரண்டாம் அரையாண்டு: வட்டி 16,910, வரவு 13,050, நிலுவை 4,87,590
மூன்றாம் அரையாண்டு: வட்டி 17,045; வரவு 13,050; நிலுவை 4,91,585
நான்காம் அரையாண்டு: வட்டி 17,185, வரவு 13,050, நிலுவை 4,95,720
ஐந்தாம் அரையாண்டு: வட்டி 17,329, வரவு 13,050, நிலுவை 4,99,999

ஐந்து லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறைகிறது. அது பின்னங்களை விட்டதால் வந்த குறை, கணக்கு சரியே.

இக்கணக்கில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ரூ.20,000 ஆதாயம் 2025 ஜூன் மாதத்தில் திடீரெனப் பிறந்ததன்று. முதல் அரையாண்டில் 3,730, அடுத்ததில் 3,860 என்று படிப்படியாகச் சேர்ந்தது அது. வட்டி வரவை மட்டும் வருவாயாக எழுதிவரும் ஏட்டில் முதலாண்டுகள் மெலிந்தும், முதிரும் ஆண்டு கொழுத்தும் தோன்றும். அம்மெலிவைக் கண்டு பத்திரத்தைக் குறை கூறுவதும், அக்கொழுப்பைக் கண்டு அவ்வாண்டு நிர்வாகத்தைப் புகழ்வதும் ஒருசேரப் பிழையாம்.

விற்பதா, வைத்திருப்பதா?

இனி இக்கணக்கு பயன்படும் இடத்துக்கு வருவோம். 2024 ஜூன் தவணை வட்டி வரவானபின், குழுவில் ஒருவர் எழுந்து, “இப்பத்திரம் 5.22தான் தருகிறது. வங்கியில் ஓராண்டு வைப்புக்கு ஆறரை கிடைக்கும். பத்திரத்தை விற்று அங்கே போடுவோம்” என்று கூறுவதாகக் கொள்வோம். அப்போது சந்தையில் நூற்றுக்கு ரூ.98.30 விலை கிடைப்பதாகவும் கொள்வோம். 5.22-ஐயும் 6.50-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் கூற்று நியாயமாகவே தோன்றும்.

ஆனால் ஒப்பிட வேண்டிய எண்கள் அவையல்ல. நாம் வாங்கியபோது கண்ட 6.99-ம் இங்கு உதவாது. அது 2022-ல் கொடுத்த விலையின்மேல் கண்ட வீதம். இன்று விற்றால் கைக்கு வருவது ரூ.4,91,500. விற்காமல் விட்டால் அந்த ரூ.4,91,500-ஐ இன்று மறுபடியும் இதே பத்திரத்தில் போட்டதற்கு ஒப்பாகும். ஆகவே இன்றைய விலையின்மேல், மீதமுள்ள இரண்டு தவணைக்கு வருவாய் வீதம் கண்டாக வேண்டும். அரையாண்டுக்கு மூன்றரை என்று சோதித்தால், 13,050-ஐ முதலிரு மதிப்புகளின் கூட்டுத்தொகையாகிய 1.89969-ஆல் பெருக்க ரூ.24,791, அசலை 0.93351-ஆல் பெருக்க ரூ.4,66,755, மொத்தம் ரூ.4,91,546. விலையாகிய 4,91,500 இதினும் சற்றே குறைவு. ஆகவே வருவாய் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழைச் சற்றே தாண்டுகிறது.

ரூபாயில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். விற்ற பணத்தை ஓராண்டு வைப்பில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டியில் ஆறரைக்குப் போட்டால், ஆண்டு முடிவில் ரூ.5,24,235 ஆகும். பத்திரத்தை வைத்திருந்தால் இரு வட்டியும் அசலுமாக ரூ.5,26,100 வரும், நடுவில் வந்த 13,050 ஆறு மாதத்தில் ஈட்டும் சிறு வட்டி இதில் சேரவில்லை. விற்கும் தீர்மானத்தால் சங்கம் இழப்பது ரூ.1,865-க்குக் குறையாது. 5.22 என்னும் எண் கண்ணை மறைத்ததால் வரும் நட்டம் இது.

வைப்பு வட்டி ஆறரையாக இன்றி ஏழரையாக இருந்திருந்தால் விடை வேறாகும். அப்போது விற்பதே நன்மை. எண்ணைக் கண்டபின் தீர்மானம் எவ்வாறாயினும் அமையட்டும். எந்த எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே முதன்மையானது.

இவ்வொப்பீட்டில் கூட்டுவட்டியையும் மறத்தலாகாது. பத்திரங்களின் வருவாய் அரையாண்டு வீதத்தை இரண்டால் பெருக்கிச் சொல்லப்படுவது. 6.99 என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் வீதமாக மாற்றினால் 7.11 ஆகும். வங்கி வைப்போ பெரும்பாலும் மூன்று மாதக் கூட்டுவட்டி. அங்கு 7 என்றால் ஆண்டுக்கு 7.19. ஆகவே 6.99-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் ஒரு காசே யாயினும், ஆண்டு வீதத்தில் எட்டுக் காசாகிறது.

தவணைக்கு இடையில் வாங்கினால்

நமது சங்கம் தவணை நாளன்றே வாங்கியதால் கணக்கு எளிதாயிற்று. பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. 2023 மார்ச் 15-ல், அதே 96 ரூபாய் விலைக்கு வாங்கியிருந்தால் என்னாகும்?

முன் உடைமையாளர் மூன்று மாதம் பத்திரத்தை வைத்திருந்தார். அக்காலத்துக்குரிய வட்டி அவருடையது. அடுத்த ஜூன் மாதத்தில் ஆறு மாத வட்டி முழுவதும் நமது சங்கத்துக்கே வரப்போவதால், அவருடைய பங்கை வாங்கும்போதே நாம் கொடுத்துவிட வேண்டும். சர்க்கார் பத்திரங்களுக்கு மாதத்தை 30 நாளாகவும் ஆண்டை 360 நாளாகவும் கொள்வது வழக்கம். 90 நாளைக்கு ரூ.6,525. ஆகவே சங்கம் கொடுப்பது 4,80,000-ம் 6,525-மாக ரூ.4,86,525.

இங்குதான் ஏட்டில் பிழை நுழைகிறது. ரூ.4,86,525 முழுவதையும் பத்திரத்தின் விலை என்று எழுதி, ஜூன் மாதத்தில் வந்த ரூ.13,050 முழுவதையும் வருவாய் என்று எழுதிவிடுகின்றனர். விலை கூடிவிட்டது, வருவாயும் கூடிவிட்டது. உண்மையில் அந்த 13,050-ல் பாதி நாம் கொடுத்த பணமே திரும்பி வந்தது. நடப்பு வருவாயைக் காண 4,80,000-ஐயே வகுக்கும் எண்ணாகக் கொள்ள வேண்டும். முதிர்வு வருவாயைக் காணும்போது மட்டும், கையைவிட்டுச் சென்ற முழுத் தொகையாகிய 4,86,525-ஐ எதிரில் வைத்து, முதல் தவணை மூன்று மாதத்தில், அதாவது அரைத் தவணையில் வருவதாகக் கொள்ள வேண்டும்.

இப்பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி, வாங்கிய நாளையும் முதல் வட்டி வரவின் நாளையும் ஒப்பிடுவது. இடையில் ஆறு மாதம் இல்லாதிருந்தும் முழு வட்டி வரவாகியிருந்தால், வாங்கிய சீட்டில் சேர்ந்த வட்டி என்று ஒரு தொகை தனியே காட்டப்பட்டிருக்கும். அதை ஏட்டில் தேடுங்கள். பிரித்து எழுதப்படவில்லையெனில் பிழை அங்கேயே இருக்கிறது.

இவ்வீதத்தின் எல்லை

6.99 என்பது எப்போது மெய்யாகும்? பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருந்தால் மட்டுமே. இடையில் விற்றால் விற்ற விலையே வருவாயைத் தீர்மானிக்கும். அது கூடவும் கூடும், குறையவும் குறையும். மேலும், அரையாண்டுதோறும் வந்த 13,050-ஐ நடப்புக் கணக்கில் வட்டியின்றிக் கிடக்கவிட்டால், சங்கத்தின் மொத்தப் பணம் 6.99 வீதத்தில் வளர்ந்ததாகாது. பத்திரம் தன்னிடம் உள்ள நிலுவைக்கு மட்டுமே அவ்வீதம் தருகிறது. கையில் வந்துவிட்ட வட்டியை எங்கே போடுகிறோம் என்பது நமது பொறுப்பு.

எடுத்துக்கொண்ட பத்திரம் சர்க்காருடையதாதலின், வட்டியும் அசலும் தவறாமல் வரும் என்று கொண்டு கணக்கிட்டோம். தனியார் கம்பெனிகளின் பத்திரம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்து, கணக்கில் பெரிய வீதம் வந்தால் மகிழ்வதற்கு முன் நிதானிக்க வேண்டும். அசல் திரும்பாது என்னும் ஐயத்தாலும் விலை இறங்கும். அவ்விடத்தில் முதிர்வு வருவாய் வீதம் வாக்குறுதியன்று. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கிடைப்பது என்ற அளவே.

அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் முதலீட்டுப் பதிவேட்டை அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். முகமதிப்பு, கொடுத்த விலை, சேர்ந்த வட்டி, தவணை நாட்கள், முதிர்வு நாள் ஆகிய ஐந்தும் தனித்தனிப் பத்திகளில் எழுதப்பட்டிருந்தால், இங்குக் கூறிய கணக்கை ஒரு மணி நேரத்தில் எவரும் போட்டுவிடலாம். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் முதலில் அதை எழுதுவித்துப் பின்னர் கணக்கைத் தொடங்குக.